பெயில் இல்லையென்றால் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும்?

2024 டிசம்பரில் மத்திய அரசு கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளில் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஆண்டுத் தேர்வில் தேறாத பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்கப்படும். அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம். கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளில் இது நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டிலோ மாநிலப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி என்ற முறையே தொடரும் என்று அரசு அறிவித்தது. இங்கேயும் 2019 செப்டம்பரில் ஐந்து, எட்டு வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று ஆணை வந்து, கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது.

இந்தச் செய்தி வரும்போதெல்லாம் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பெயில் பயமே இல்லைன்னா பசங்க புத்தகத்தைத் தொடுவாங்களா?” நியாயமான கேள்வி. பயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையுமே வைக்காமல் விட்டால் பல பிள்ளைகள் தொடமாட்டார்கள். அந்த இடத்தில் எதை வைப்பது என்பது பற்றி ஐம்பது ஆண்டுகளாக நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலேயே ஒரு பெரிய முயற்சியும் நடந்திருக்கிறது. விவாதத்தில் இவை இரண்டும் அடிபடுவதே இல்லை.

## முதலில் அடிப்படை: ஊக்கம் எங்கிருந்து வருகிறது

ஒரு பிள்ளை ஒரு வேலையைச் செய்வதற்கான காரணம் அந்த வேலைக்குள்ளேயே இருக்கலாம். வெளியிலும் இருக்கலாம். புதிரை விடுவிக்கும்வரை தூக்கம் வராத பிள்ளைக்குக் காரணம் புதிருக்குள் இருக்கிறது. இதை அக ஊக்கம் என்கிறார்கள். ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினால் சைக்கிள், மார்க் குறைந்தால் அடி என்று படிக்கும் பிள்ளைக்குக் காரணம் வெளியில் இருக்கிறது. இது புற ஊக்கம்.

பரிசும் பயமும் எதிரெதிரானவை போலத் தெரியும். இரண்டுமே புற ஊக்கம்தான். கொடுப்பவர் இருக்கும்வரைதான் வேலை செய்யும் என்பதும், பிள்ளையின் கண்ணைப் பாடத்திலிருந்து எடுத்து முடிவின் மேல் திருப்பும் என்பதும் இரண்டுக்கும் பொது.

புற ஊக்கம் என்றாலே தீங்கு என்று சொல்வது தவறு. எந்த நிலையில் அது வேலை செய்கிறது, எந்த நிலையில் கெடுக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

## பரிசு கொடுத்தால் என்ன ஆகிறது

1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் நடத்திய சோதனை இந்தத் துறைக்கே அடித்தளம் போன்றது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள பிள்ளைகளை மட்டும் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், படம் வரைந்தால் ரிப்பனும் தங்க முத்திரையும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை.

ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பறையில் அதே பேனாக்களை வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் தாமாகப் போய் வரைகிறார்கள் என்று மறைவாக இருந்து கவனித்தார்கள். பரிசே இல்லாத பிள்ளைகள் விளையாட்டு நேரத்தில் சுமார் 17 சதவீதத்தை வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்கள் சுமார் 18 சதவீதம். பரிசு வரும் என்று தெரிந்து வரைந்தவர்களோ 9 சதவீதத்துக்கும் குறைவு. போதாததற்கு, சான்றிதழுக்காக வரைந்த படங்களின் தரமும் குறைந்திருந்தது.

எதிர்பாராமல் வந்த பரிசு கெடுக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பொருள் ஒன்றுதான். “இதைச் செய்தால் அது” என்ற பேரம்தான் கெடுத்தது. பிள்ளைகள் தங்களைத் தாங்களே கவனித்து, நாம் ஏன் வரைகிறோம் என்று ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். சான்றிதழ் கண்முன்னே இருந்தால் அதுவே காரணமாகிவிடுகிறது. சான்றிதழ் போனதும் காரணமும் போய்விடுகிறது.

இதற்கு மறுப்பும் எழுந்தது. 1990-களில் ஆய்வாளர்களிடையே காரசாரமான விவாதம் நடந்தது. 1999-ல் எட்வர்ட் டெசியும் சகாக்களும் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது படம் ஓரளவு தெளிவானது. முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கப்படும் பொருள் பரிசு அக ஊக்கத்தைக் குறைக்கிறது. என்ன நன்றாகச் செய்தாய் என்று சொல்லும் பாராட்டு குறைப்பதில்லை. பல வேளைகளில் கூட்டவும் செய்கிறது. பிள்ளைக்கு ஏற்கெனவே துளியும் ஆர்வமில்லாத வேலையில் பரிசு கெடுப்பதற்கு எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பணம் கொடுத்தால் மார்க் ஏறுமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையர் 2007 முதல் சில ஆண்டுகள் நியூயார்க், சிகாகோ, டல்லாஸ் நகரப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுத்துப் பார்த்தார். நியூயார்க்கில் தேர்வு முடிவுக்குப் பணம். சிகாகோவில் பாட கிரேடுக்குப் பணம். இரண்டு இடத்திலும் கற்றலில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் வரவில்லை. டல்லாஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு புத்தகம் படித்துச் சிறு வினாடி வினாவில் தேறினால் 2 டாலர். அங்கே மட்டும் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் கொஞ்சம் ஏறியது.

வேறுபாடு எங்கே என்று பிள்ளைகளின் வாயிலிருந்தே தெரிந்தது. அடுத்த முறை அதிகம் சம்பாதிக்க என்ன செய்வாய் என்று நியூயார்க் பிள்ளைகளைக் கேட்டபோது, கேள்வியை நன்றாகப் படிப்பேன், விடையைச் சரியாக வட்டமிடுவேன், அவசரப்படமாட்டேன் என்கிற மாதிரியே பதில் வந்தது. பாடத்தைப் படிப்பேன், ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பேன் என்ற பக்கமே அவர்கள் போகவில்லை. ஆசை இருந்தது. மார்க் எதைச் செய்தால் ஏறும் என்பது தெரியவில்லை. டல்லாஸ் பிள்ளைக்கோ செய்ய வேண்டியது கையிலேயே இருந்தது: ஒரு புத்தகம்.

## குறைந்த மார்க் பயம்

பயத்துக்கும் இதே குறைதான். எப்படிச் செய்வது என்று தெரிந்த வேலையைப் பயம் முடுக்கிவிடும். எழுதி முடிக்காத ரெக்கார்டு நோட்டு அதட்டியதும் ராத்திரிக்குள் முடிந்துவிடும். ஆனால் வகுத்தல் கணக்கு புரியாத பிள்ளையை எவ்வளவு அதட்டினாலும் வகுத்தல் புரிந்துவிடாது. அப்போது பயம் அந்தப் பிள்ளைக்குத் திறந்து வைக்கும் வழிகள் வேறு: விடைத்தாளை மறைப்பது, பக்கத்துப் பெஞ்சைப் பார்ப்பது, பரீட்சையன்று வயிற்றுவலி, “எனக்கு மேத்ஸ் வராது” என்று கைவிடுவது. நான்காவதுதான் மிக மோசம். மற்ற மூன்றும் தற்காலிகம்.

அப்படியானால் மார்க்கும் போட்டு, எங்கே தவறு என்றும் எழுதிக் கொடுத்தால் போதாதா? இதைத்தான் இஸ்ரேலைச் சேர்ந்த ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில பணிகள் கொடுத்து, ஒரு குழுவுக்கு மார்க் மட்டும், இன்னொரு குழுவுக்கு எது நன்றாக வந்தது, எது வரவில்லை என்று சொல்லும் ஒரு வரிக் குறிப்பு மட்டும், மூன்றாவது குழுவுக்கு மார்க்கும் குறிப்பும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வம் நிலைத்தது, செயல்திறனும் கூடியது. மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள், மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். குறிப்பினால் கிடைத்திருக்க வேண்டிய பலன் கிடைக்கவில்லை. குறைந்த மார்க் எடுக்கும் பிள்ளைகளிடம் ஆர்வச் சரிவு அதிகம்.

நம் வீடுகளில் விடைத்தாள் வரும் நாளை நினைத்தால் இதன் காரணம் எளிதில் விளங்கும். முதல் பக்கத்தில் வட்டமிட்ட எண்ணைப் பார்க்கிறோம். அடுத்த கேள்வி, “பக்கத்து வீட்டுப் பொண்ணு எவ்வளவு?” ஆசிரியர் உள்ளே சிவப்பு மையில் எழுதியதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. எண் வந்ததும் பேச்சு பாடத்திலிருந்து நகர்ந்து பிள்ளையின் தகுதிக்குப் போய்விடுகிறது. 2017-ல் தமிழ்நாடு அரசு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது நல்ல முடிவுதான். என்றாலும் ஒப்பீட்டின் உச்சியில் ஒரு துண்டை மட்டும் அது வெட்டியது. வீட்டுக்குள் நடக்கும் ஒப்பீட்டை எந்த அரசாணையும் நிறுத்த முடியாது.

## ஆர்வம் எப்படிப் பிறக்கிறது

ஆர்வம் சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே உண்டு, சிலருக்கு இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1994-ல் பொருளியலாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் முன்வைத்த விளக்கம் வேறு. தனக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பது பிள்ளையின் கண்ணில் படும்போது ஆர்வம் பிறக்கிறது என்றார் அவர். இடைவெளி இருந்தால் மட்டும் போதாது, அது கண்ணில் பட வேண்டும். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் இடைவெளியின் எல்லையே தெரியாது, அதனால் ஆர்வம் வராது. முழுதும் தெரிந்ததில் இடைவெளி இல்லை. பாதி தெரிந்த நிலையில்தான் மனம் அரிக்கிறது. பொது அறிவுக் கேள்விகளை வைத்து நடத்திய பின்னாளைய சோதனைகளும் இதையே காட்டின. விடை தெரியுமோ தெரியாதோ என்ற நடுநிலையில் இருந்த கேள்விகளுக்கே விடை அறியும் ஆவல் அதிகமாக இருந்தது.

இதிலிருந்து பாடம் எடுக்கும் வரிசையே மாறுகிறது. ஏழாம் வகுப்பில் ஆவியாதல் பாடத்தை வரையறையோடு தொடங்கினால் பிள்ளைக்கு இடைவெளியே தெரியாது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிறது, பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீர் குளிர்வதில்லை என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். “மண் குளிர்ச்சி” என்று ஒரு காரணமும் கைவசம் வைத்திருக்கும். அங்கே ஒரு கேள்வியைப் போடலாம்: மண் குளிர்ச்சி என்றால், அதே பானை மழை பெய்து புழுங்கும் நாளில் ஏன் அவ்வளவு குளிர்விப்பதில்லை? வைத்திருந்த காரணம் இப்போது போதவில்லை. பானையின் வெளிப்புறம் கசியும் நீர் ஆவியாகும்போதுதான் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறைகிறது என்ற விளக்கம் அந்த நேரத்தில் வந்தால் அது தேடிய விடையாக வருகிறது. அரை மணி முன்னால் சொல்லியிருந்தால் அது வெறும் வரையறைதான்.

பிள்ளை விடையை முதலில் ஊகித்துச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னாலும் பரவாயில்லை. ஊகம் சொல்லாத பிள்ளைக்கு இடைவெளி உருவாவதில்லை. தவறான ஊகத்துக்கு மார்க் குறையும் என்று பயப்படும் பிள்ளை ஊகமே சொல்லாது. பயம் ஆர்வத்தின் வாசலை அடைப்பது இந்த இடத்தில்தான்.

## முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்

ஆர்வம் ஒரு பாடத்துக்குள் நுழைய வைக்கும். ஆறு மாதம் அதில் நிற்க வைப்பதற்கு இன்னொன்று வேண்டும். நேற்று வராதது இன்று வருகிறது என்று பிள்ளைக்கே தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் இதை வகுப்பறையின் அமைப்பாகவே மாற்றிய முயற்சி செயல்வழிக் கற்றல், பலருக்கும் ஏபிஎல் என்றால் தெரியும். ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையைத் தழுவி, 2003-ல் சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால் இது தொடங்கியது. 2007-08-ல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றது.

அதன் நடுநாயகம் சுவரில் மாட்டிய கற்றல் ஏணி. ஒவ்வொரு பாடமும் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் படச் சின்னம் போட்ட அட்டை இருந்தது. பிள்ளை ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, அதே சின்னமுள்ள அட்டையைத் தானே தட்டிலிருந்து எடுத்துவந்து, பாயில் உட்கார்ந்து வேலை செய்யும். சில அட்டைகள் ஆசிரியரோடு, சில கூடப் படிக்கும் பிள்ளைகளோடு, சில தனியாக. படிகளின் முடிவில் மதிப்பீட்டு அட்டை. தேறினால் அடுத்த படி, தேறாவிட்டால் அதே பகுதிக்கு வேறு பயிற்சி. சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பெயர் எழுதிய கரும்பலகைப் பகுதி. தலைக்கு மேலே குறுக்கே கட்டிய கம்பிப் பந்தலில் அவர்கள் செய்த வேலைகள் தொங்கும்.

ஒரு வாரம் லீவு போட்ட பிள்ளை திரும்பி வரும்போது விட்ட இடம் எது என்று ஏணியே சொல்லும். வகுப்பு முழுக்க ஓடிப்போய்விட, தான் மட்டும் பின்தங்கிய உணர்வு இல்லை. வேர்க்கடலை பறிக்கும் பருவத்திலும் சாமி கும்பிடும் நாட்களிலும் வருகை குறையும் கிராமப் பள்ளிகளில் இது சிறிய விஷயமில்லை.

குறைகளும் வந்தன. அவை இந்த விஷயத்துக்கே முக்கியம். அட்டை காணாமல் போனால் படி விட்டுப்போகும். ஒரே ஆசிரியர் முப்பது பிள்ளைகளின் முப்பது வெவ்வேறு படிகளைக் கவனிக்க முடியாத இடத்தில், அட்டையை முடிப்பதே வேலையாகிவிடும். அட்டை முடிந்தது என்பதும் திறன் வந்தது என்பதும் ஒன்றாக எண்ணப்படும்போது ஏணி தன் பொருளை இழக்கிறது. வீட்டிலிருந்து பார்த்த பெற்றோருக்கோ ஹோம்வொர்க்கும் இல்லை, மார்க்கும் இல்லை. ஏணி வகுப்பறைச் சுவரில் இருந்ததால் முன்னேற்றம் பிள்ளைக்குத் தெரிந்தது, வீட்டுக்குத் தெரியவில்லை. மேல் வகுப்பில் வழக்கமான பரீட்சைக்கு வந்ததும் ஏணியே இல்லாமல் போனது. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளாகப் பிள்ளைகளைப் பிரிப்பதிலும் இதே எண்ணத்தின் சாயல் உண்டு. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் நிற்கிறது என்பதற்கு ஏற்பப் பாடம் நடக்க வேண்டும் என்பதே அது.

## ஒரு விடைத்தாளை விரித்துப் பார்ப்போம்

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வகுத்தல் தேர்வை எடுத்துக்கொள்வோம். பத்துக் கணக்கு, தலா 2 மார்க். எடுத்தது 20-க்கு 8. பெரும்பாலான வீடுகளில் இதற்குக் கிடைப்பது திட்டு, அல்லது டியூஷன். கணக்குகளைப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது.

சரியானவை நான்கு: 96 ÷ 4, 85 ÷ 6, 648 ÷ 3, 453 ÷ 3. மீதி வருவதும் தெரிகிறது, மூன்று இலக்கமும் தெரிகிறது.

தவறானவை நான்கு:

- 816 ÷ 4 = 24 என்று எழுதியிருக்கிறாள். சரியான விடை 204.
- 735 ÷ 7 = 15. சரியான விடை 105.
- 1242 ÷ 6 = 27. சரியான விடை 207.
- 927 ÷ 9 = 13. சரியான விடை 103.

மீதி இரண்டு, 534 ÷ 12-ம் 782 ÷ 23-ம், வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன.

நான்கு தவறும் ஒரே தவறு. எப்படிச் செய்தாய் என்று கேட்டால் சொல்லிவிடுவாள்: “1-ல 4 போகாது, அதனால அடுத்த 6-ஐயும் இறக்கினேன், 16 ஆச்சு.” போகாதபோது ஈவில் பூஜ்யம் போட வேண்டும் என்பது மட்டும் விட்டுப்போயிருக்கிறது. இந்த ஒரே பழக்கம் 8 மார்க்கைத் தின்றிருக்கிறது. அதைச் சரிசெய்தால் வேறெதுவும் படிக்காமலேயே 16. “கணக்கில் வீக்” என்று 8 மார்க் சொன்னது பொய்.

பூஜ்யம் போடு என்று விதியைச் சொல்லிக் கொடுப்பது எளிது. ஒரு வாரம் நிற்கும், பிறகு மறக்கும். அதைவிட, “816 ரூபாயை நாலு பேருக்குப் பிரிச்சே. ஆளுக்கு 24 ரூபாய். அப்போ நாலு பேருக்கும் எவ்வளவு போச்சு?” என்று கேட்கலாம். நான்கு 24, 96. “மீதி 720 ரூபாய் எங்கே?” இங்கேதான் அவளுக்கு இடைவெளி தெரிகிறது. எட்டு நூறு ரூபாய் நோட்டு, ஒரு பத்து ரூபாய் நோட்டு, ஆறு ஒரு ரூபாய் நாணயம் என்று தாளில் வரைந்து பிரிக்கச் சொன்னால் தானே கண்டுபிடிப்பாள். நூறு ரூபாய் நோட்டு ஆளுக்கு இரண்டு. பத்து ரூபாய் நோட்டு யாருக்கும் இல்லை, அந்த “இல்லை”தான் பூஜ்யம். அதைச் சில்லறையாக மாற்றினால் பதினாறு நாணயம், ஆளுக்கு நான்கு.

இனி ஏணி. வீட்டில் ஒரு தாளில் போதும்:

1. மூன்று இலக்கம், ஈவின் நடுவில் பூஜ்யம்: 816 ÷ 4, 624 ÷ 6 போன்றவை.
2. நான்கு இலக்கம், ஒரு பூஜ்யம்: 1242 ÷ 6, 4032 ÷ 8.
3. அடுத்தடுத்து இரண்டு பூஜ்யம்: 8016 ÷ 4.
4. ஈவின் கடைசியில் பூஜ்யம்: 963 ÷ 8, 842 ÷ 7.
5. இரண்டு இலக்க வகுஎண்: 782 ÷ 23. முதலில் 23, 46, 69, 92, 115 என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு செய்வது, பிறகு எழுதாமல்.

நாளுக்கு ஐந்து கணக்கு, கால் மணி நேரம். ஒவ்வொன்றையும் முடித்ததும் அவளே பெருக்கிச் சரிபார்க்க வேண்டும்: 204 × 4 = 816. மீதி இருந்தால் கூட்ட வேண்டும்: 120 × 8 + 3 = 963. பெருக்கிப் பார்த்தது ஒத்துப்போனதா என்று தாளில் தானே குறித்துக்கொள்வாள். திருத்துவது அம்மாவோ டீச்சரோ என்றால் ஒவ்வொரு கணக்கும் ஒரு குட்டிப் பரீட்சையாகிவிடும். எண்ணே சரிபார்த்துச் சொன்னால் தவறு ஒரு தகவல், அவ்வளவுதான். இரண்டு வெவ்வேறு நாளில் ஐந்துக்கு ஐந்து வந்தால் அடுத்த படி. ஒரே நாளில் வந்த ஐந்து போதாது, அன்றைய ஞாபகத்தில் வந்திருக்கலாம்.

மூன்றாம் படியில் பின்னடைவு வரும் என்று முன்பே எதிர்பார்க்கலாம். 8016 ÷ 4-க்கு 204 என்று எழுதுவாள். ஒரு பூஜ்யம் போடப் பழகிய கை ஒன்றோடு நின்றுவிடும். பெருக்கிப் பார்த்தால் 816 வரும், 8016 வராது. எங்கே விட்டது என்று அவளே தேட வேண்டும். இங்கே பெற்றோர் குறுக்கிட்டு விடையைச் சொன்னால் அந்தப் படி வீணாகிவிடும்.

ஐந்தாம் படியில் சிக்கினால் வகுத்தலைக் குறை சொல்லக் கூடாது. 23-ன் மடங்குகள் தடுமாறினால் பலவீனம் பெருக்கலிலும் கூட்டலிலும் இருக்கிறது. இந்த ஏணிக்கும் கீழே இறங்கி முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும் என்று அர்த்தம். மார்க் இதை ஒருபோதும் சொல்லாது.

## எங்கே தவறிப்போகும், எப்படித் தெரிந்துகொள்வது

தாளில் நட்சத்திரம் ஒட்டத் தொடங்கி, பத்து நட்சத்திரத்துக்கு ஐஸ்கிரீம் என்று ஆனதும் முன்னேற்றத் தாள் மீண்டும் பேரமாகிவிடுகிறது. இதற்கு நம்பகமான அடையாளம் பிள்ளையின் கேள்வி. “இன்னும் எத்தனை கணக்கு இருக்கு?” என்று கேட்டால் தாள் கூலிக் கணக்காகிவிட்டது. “இது ஏன் ஒத்துவரல?” என்று கேட்டால் கவனம் பாடத்தில் இருக்கிறது. எளிதான கணக்குகளையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுப்பதும் முதல் வகைக்கான அடையாளம்.

அண்ணன் தாளையும் தங்கை தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் அது ரேங்க் பட்டியல். பிள்ளையின் இன்றைய தாளுக்குப் பக்கத்தில் அதே பிள்ளையின் போன மாதத் தாள்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலைப் பெற்றோர் அதிகம் எதிர்பார்ப்பதில்லை. பல ஆண்டுகள் பயத்தால் படித்த பிள்ளையிடம் திடீரென்று பயத்தை எடுத்தால் முதல் சில வாரங்கள் எதுவுமே செய்யாது. அதுவரை ஓட்டியது பயம்தான், அதன் இடத்தில் வேறெதுவும் இன்னும் வளரவில்லை. இந்த நாட்களைப் பார்த்துவிட்டு “பார்த்தீங்களா, அடிச்சாத்தான் படிக்கும்” என்று முடிவுக்கு வருபவர்கள் பலர். ஏணியையும் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் முதலில் கொடுத்து, அது நிலைத்த பிறகு மிரட்டலைக் குறைப்பதே நடைமுறையில் சரியான வரிசை. அனைவருக்கும் தேர்ச்சி என்ற கொள்கை பல பள்ளிகளில் சறுக்கியதும் இந்த வரிசை தலைகீழானதால்தான் என்பது என் கருத்து. பெயில் நின்றது. ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் ஏற்பாடு அதே வேகத்தில் வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் நிறுத்தி வைப்பது அந்த ஏற்பாட்டைக் கொண்டுவராது. அதே பாடத்தை அதே முறையில் இன்னொரு வருடம் கேட்கும் பிள்ளைக்கு 816 ÷ 4 இன்னொரு வருடமும் 24 ஆகவே இருக்கும்.

சில வேலைகளுக்கு இந்த முறை அதிகம் உதவாது. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வதில் பெரிய புதிரெல்லாம் இல்லை. அங்கே சிறு பரிசோ, கூட உட்கார்ந்து சொல்லும் ஒருவரோ போதும், அக ஊக்கத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பில் மார்க் உண்மையிலேயே கதவைத் திறக்கும், மூடும். மார்க் முக்கியமில்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது பொய் சொல்வதாகும். அங்கே செய்யக்கூடியது, காலாண்டு, அரையாண்டு விடைத்தாள்களின் மொத்த மார்க்கை ஓரமாக வைத்துவிட்டு, இழந்த ஒவ்வொரு மார்க்கையும் பிள்ளையே பிரிப்பது: பாடமே தெரியாதது, தெரிந்தும் முறை தவறியது, நேரம் போதாதது என்று மூன்று பத்தி. நேரம் போதாத பத்தி நீளமாக இருந்தால் இன்னும் படிப்பதில் பயனில்லை, கடிகாரம் வைத்து எழுதிப் பழக வேண்டும். முறை தவறிய பத்தி நீளமாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று வகைத் தவறுகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும். அடுத்த தேர்வு முடிந்ததும் அதே மூன்று பத்தியை மறுபடி எழுதினால், மொத்த மார்க் இரண்டோ மூன்றோதான் ஏறியிருந்தாலும் எந்தப் பத்தி சுருங்கியது என்பது பிள்ளைக்கே தெரியும்.